போத்தலில் கொண்டு போன தண்ணீரில் குளோரின் பார்க்க முடியாது

கொஞ்சம் நீளமான பதிவு. மூன்று கிழமையாக நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற அந்த ஒரு பக்க அறிக்கையைப் பற்றியது. "எஞ்சிய குளோரின்: இல்லை" என்று சீல் குத்தி வந்ததே, அதுதான். அதை வைத்து ஊரில் நிறையப் பேச்சு நடந்துவிட்டது. குளத்துத் தண்ணீரை அப்படியே பைப்பில் விடுகிறார்கள் என்றார்கள். கையெழுத்து வேட்டை தொடங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்கள் மூன்று பேரும் அந்த நாட்களில் அதே பைப்புகளில் தண்ணீர் பார்த்தோம். நாங்கள் கண்டது வேறு. அதனால்தான் எழுதுகிறோம்.

அந்த அறிக்கை பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தப் போத்தலில் அந்த நேரம் குளோரின் இருந்திருக்காது. ஆனால் நமது பைப்பில் குளோரின் இருந்ததா இல்லையா என்பதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. ஏன் என்று விளங்கப்படுத்துகிறோம்.

முதலில் எஞ்சிய குளோரின் என்றால் என்ன என்று பார்ப்போம். சுத்திகரிக்கிற இடத்தில் தண்ணீருக்குக் குளோரின் போடுகிறார்கள். அதில் ஒரு பங்கு கிருமியைக் கொல்வதிலும் தண்ணீரிலுள்ள அழுக்கோடு சேர்வதிலும் செலவாகிவிடும். செலவு போக மிச்சம் இருப்பதுதான் எஞ்சிய குளோரின். நிலத்துக்குக் கீழே பல கிலோமீற்றர் பைப்பில் வருகிற தண்ணீருக்கு அந்த மிச்சம்தான் காவல். வழியில் எங்காவது பைப் வெடித்து வடிகான் தண்ணீர் உள்ளே போனால் அதைச் சந்திப்பது இந்த மிச்சம்தான். பைப்பைத் திறக்கிற இடத்தில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கூடிய எல்லை 5 மில்லிகிராம். 0.2 என்பது 1000 லீற்றர் தாங்கி முழுவதற்கும் சேர்த்து ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சின்ன அளவைத் தேடுகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

அந்தப் போத்தலின் பயணத்தை நாங்கள் விசாரித்தோம். கொண்டு போன சகோதரர் நல்ல நோக்கத்தில்தான் செய்தார். பிள்ளைகள் சிலருக்கு வயிற்றோட்டம் வந்ததும், ஆளுக்கு ஆள் பேசிக்கொண்டிருக்கிற நேரம் எழும்பிப் போனவர் அவர் ஒருவர்தான். காலை எட்டு மணிக்குப் பாடசாலை கேட்டுக்குப் பக்கத்துப் பைப்பில் ஒரு போத்தல், பள்ளிவாசல் வுழூ பைப்பில் ஒரு போத்தல் எடுத்திருக்கிறார். இரண்டும் கடையில் வாங்கிக் குடித்து முடித்த வெற்றுப் போத்தல்கள். மோட்டார் சைக்கிளில் முன்னால் கொளுவிக்கொண்டு டவுனுக்குப் போயிருக்கிறார். இடையில் இன்னொரு வேலை. பதினொன்றரைக்குப் போத்தலைக் கொடுத்திருக்கிறார். பகலுக்குப் பிறகுதான் சோதித்திருக்கிறார்கள். குறைந்தது ஐந்து மணித்தியாலம்.

குளோரின் அவ்வளவு நேரம் காத்திருக்காது. வெயில் பட்டால் உடையும், சூட்டில் வேகமாகக் குறையும், பாதி நிரம்பிய போத்தல் குலுங்கினால் காற்றிலும் கொஞ்சம் போகும், போத்தலின் சுவரில் ஒட்டியிருக்கிற எதனோடும் சேர்ந்து செலவாகும். எடுத்த உடனே பார், எப்படிப் போனாலும் 15 நிமிடத்தைத் தாண்டாதே என்பதுதான் தண்ணீர் ஆய்வுகூடங்களின் நடைமுறை. வேறு பல சோதனைகளுக்கு மாதிரியைக் குளிரில் வைத்துக்கொண்டு போகலாம். இதற்கு அந்த வழி கிடையாது.

சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்து பார்த்தோம். பாடசாலை கேட் பைப்பில் ஒரே நேரத்தில் தண்ணீர் எடுத்தோம். நின்ற இடத்திலேயே பார்த்தது 0.6. அதே தண்ணீரில் ஒரு போத்தலை நிரப்பி மூடி மேசை லாச்சிக்குள் ஒரு மணித்தியாலம் வைத்தோம். அது 0.5. இன்னொன்றை மைதானத்து வெயிலில் அதே ஒரு மணித்தியாலம் வைத்தோம். அது 0.2. மூன்றாவது, ஒரு பிள்ளை தேசிக்காய்த் தண்ணீர் கொண்டு வந்த போத்தல். சும்மா ஒரு தரம் அலசிவிட்டு நிரப்பினோம். அதில் ஐந்தே நிமிடத்தில் நிறமே வரவில்லை. தேசிக்காயிலுள்ள விற்றமின் சீ குளோரினை உடனே தின்றுவிடும். ஒரு துளி மிச்சம் போதும். ஒரே பைப், ஒரே நிமிடம், நான்கு விடை. இதில் எது நமது ஊர்த் தண்ணீரின் விடை என்று கேட்டால், பைப்புக்குக் கீழே பார்த்த முதலாவது மட்டும்தான்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. இது நமது ஊரில் அநேகம் பேருக்குத் தெரியாது. கிருமிச் சோதனைக்கென்று பீ.எச்.ஐ. மஹத்மயா கொண்டு வருகிற கிருமி நீக்கிய போத்தலுக்குள் சோடியம் தயோசல்பேற்று என்ற உப்பைக் கொஞ்சம் முன்கூட்டியே போட்டிருப்பார்கள். குளோரினை அழிக்கத்தான் அது. போகிற வழி முழுக்கக் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே போனால், ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரும்போது கிருமி இல்லை என்று வரும், பைப்பில் இருந்திருந்தாலும் கூட. அதனால் எடுத்த நொடியிலேயே குளோரினை நிறுத்திவிடுகிறார்கள். கிருமிச் சோதனைக்கு அது மிகச் சரி. ஆனால் அதே போத்தலில் மிஞ்சிய தண்ணீரில் குளோரினையும் பார்த்துத் தாருங்கள் என்று கேட்டால் எப்போதும் பூச்சியம்தான் வரும், நீச்சல் தடாகத்துத் தண்ணீரை ஊற்றினாலும் சரி. அதனால்தான் முறையாக மாதிரி எடுக்கிறவர் கிருமிப் போத்தலை நிரப்பும்போதே பக்கத்தில் நின்று குளோரினை வேறாகப் பார்த்து, அந்த எண்ணைப் போத்தலின் லேபலில் எழுதி அனுப்புவார்.

இனி அந்தப் பார்க்கிற வேலைக்கு வருவோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கொம்பரேட்டர் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டி. இரண்டு குழாய் வைக்க இடம், ஒரு பக்கம் இளம் ரோஸிலிருந்து கடும் ரோஸ் வரைக்கும் படிப்படியாக நிறங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண். கூடவே டீ.பி.டி. என்ற குளிசை. குளோரின் உள்ள தண்ணீரில் இதைக் கரைத்தால் ரோஸ் நிறம் வரும். குளோரின் கூடக் கூட நிறமும் கடுக்கும். முந்திய காலத்தில் மஞ்சள் நிறம் வருகிற ஒரு திரவம் பாவித்தார்கள், மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த மருந்து உடம்புக்குக் கூடாது என்று இப்போது விட்டுவிட்டார்கள்.

நாங்கள் செய்கிற முறை இது. பைப்பை இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிடுவோம், பைப்புக்குள் இரவு முழுக்க நின்ற தண்ணீர் போகட்டும் என்று. இரண்டு குழாயையும் அதே தண்ணீரால் மூன்று தரம் கழுவி, 10 மில்லிலீற்றர் கோடு வரைக்கும் நிரப்புவோம். ஒன்றில் எதுவும் போடுவதில்லை. அது நிறத் தட்டுக்குப் பின்னால் நிற்கும். தண்ணீருக்கே கொஞ்சம் பழுப்பு இருந்தால் அது இரண்டு பக்கமும் சமமாகிவிடும். மற்றதில் குளிசையைப் போட்டு, நசுக்கிக் கரைத்து, ஒரு நிமிடத்துக்குள் நிறத்தை ஒப்பிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். குளிசையை விரலால் தொடுவதில்லை. தாளைக் கிழித்து நேரே குழாய்க்குள் விழ விடுவோம். வியர்வையும் சவர்க்காரமும் கணக்கைக் கெடுக்கும்.

அந்த ஒரு நிமிடம் ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. தண்ணீரில் சுயாதீனமான குளோரினோடு, அமோனியா போன்றவற்றோடு சேர்ந்துவிட்ட குளோரினும் இருக்கலாம். சேர்ந்தது கிருமியைக் கொல்வதில் மந்தம். டீ.பி.டி. குளிசை முதலில் சுயாதீனமானதோடு சேரும், பிறகு மெதுவாக மற்றதையும் இழுக்கும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நிறம் கூடியிருக்கும். தண்ணீர் அதுவேதான், எண் மட்டும் நம்மை ஏமாற்றும்.

வெளிச்சமும் ஏமாற்றும். பள்ளிவாசல் வுழூ இடத்தில் முதல் நாள் எங்களுக்கு நிறம் பொருந்தவே இல்லை. ஒருவர் 0.4 என்றார், ஒருவர் 0.8 என்றார். பிறகுதான் மேலே பார்த்தோம். பச்சைக் கூரைத்தகடு! அதனூடாக வருகிற வெளிச்சத்தில் ரோஸ் எப்படி ரோஸாகத் தெரியும்? பைப்பிலிருந்து நான்கு அடி வெளியே வந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி, வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பிடித்ததும் இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொன்னோம். இரண்டு பேர் தனித்தனியே பார்ப்பது நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆண்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிவது கஷ்டம், தங்களுக்கு அப்படி என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

சரி, அந்தக் கிழமை நாங்கள் பைப்படியில் நின்று கண்டது என்ன? கேட் பைப் நேரே ரோட்டு லைனில் இருந்து வருகிறது. அதில் மூன்று நாளும் 0.5, 0.6 தான். ஆக, ஊருக்கு வருகிற தண்ணீரில் குளோரின் இருந்தது. ஆனால் பிள்ளைகள் குடிக்கிற பைப் வரிசை மேல்தாங்கியில் இருந்து வருகிறது. சனி ஞாயிறு தண்ணீர் அசையாமல் நின்ற தாங்கி. திங்கள் காலை அதில் நிறமே வரவில்லை. குளிசை கரைந்தும் தண்ணீர் வெள்ளையாகவே நின்றது. ஏறிப் பார்த்தோம். மூடி ஒரு பக்கம் உடைந்து, அடியில் சேறு விரலளவு படிந்து கிடந்தது. அந்தச் சேறு குளோரின் முழுவதையும் தின்றுவிட்டிருக்கிறது. வயிற்றோட்டத்துக்கு அதுதான் காரணம் என்று சத்தியம் பண்ண எங்களால் முடியாது. ஆனால் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இங்கேதான் எங்கள் கோபம். போத்தலில் கொண்டு போன சோதனை நல்ல தண்ணீருக்கும் பூச்சியம் சொல்லும், கெட்ட தண்ணீருக்கும் பூச்சியம் சொல்லும். எல்லாவற்றுக்கும் ஒரே விடை சொல்கிற சோதனையால் யாருக்கு என்ன பிரயோசனம்? மூன்று கிழமை முழு ஊரும் தண்ணீர் தருகிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தது. அந்த மூன்று கிழமையில் முதல் ஒன்பது நாளும் நமது பிள்ளைகள் உடைந்த மூடித் தாங்கியில்தான் குடித்தார்கள். அதை நாங்கள் முன்னமே பார்க்காமல் விட்டது எங்கள் தவறும்தான், அதை மறைக்கவில்லை.

பள்ளிவாசல் தாங்கிக் கதையையும் சொல்ல வேண்டும். நிர்வாகத்தினர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம். சொல்லலாம் என்று அவர்களே அனுமதி தந்தார்கள்.

அறிக்கையில் "இல்லை" என்று வந்ததும், நாமே போடுவோம் என்று வாலிபர்கள் சிலர் ரீ.சீ.எல். தூள் வாங்கி 2000 லீற்றர் தாங்கிக்குள் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு? ஒரு தேநீர்க் கோப்பை. நிறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 150 கிராம். அடுத்த நாள் ஸுபஹுக்கு வுழூ செய்தவர்களுக்குக் கண் எரிந்தது, மணம் தாங்க முடியவில்லை. எங்களைக் கூப்பிட்டார்கள். குளிசையைப் போட்டோம். ஒரு நொடி ரோஸ் மின்னியது, அடுத்த நொடி தண்ணீர் வெள்ளை. பக்கத்தில் நின்ற ஒரு காக்கா, "பாருங்க சேர், இன்னும் குளோரினே இல்ல, இன்னொரு கோப்பை போடுவமா?" என்று கேட்டார்.

பகிடியாக எழுதவில்லை. உண்மையிலேயே அந்த இடத்தில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நடந்தது வேறு. குளோரின் மிகவும் கூடினால், லீற்றருக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராமைத் தாண்டினால், டீ.பி.டி.யின் நிறத்தையே அது வெளிறச் செய்துவிடும். துணியை வெளுக்கிறது போல. குறைந்தாலும் வெள்ளை, மிதமிஞ்சினாலும் வெள்ளை. பிரித்தறிய மூக்கு உதவும். மணம் அடிக்கிற தண்ணீரில் நிறம் வரவில்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். அந்த ஒரு நொடி மின்னலும் ஓர் அடையாளம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தண்ணீரைக் கலந்து பார்க்க வேண்டும். பாமசியில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சால் தாங்கித் தண்ணீர் 1 மில்லிலீற்றர் எடுத்து, பெற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் 9 மில்லிலீற்றரோடு கலந்தோம். கிணற்றுத் தண்ணீர் இதற்குச் சரிவராது, அதிலுள்ள அழுக்கே குளோரினைத் தின்னும். கலந்ததில் குளிசை போட்டதும் அழகான ரோஸ், 1.5. பத்து மடங்கு கலந்ததால் பத்தால் பெருக்க வேண்டும். தாங்கியில் இருந்தது 15. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைப் போல மூன்று மடங்கு.

கணக்குப் போட்டாலும் அதுதான் வருகிறது. புதுத் தூளில் ஏறக்குறைய 30 வீதம் குளோரின். 150 கிராமில் 45 கிராம். 2000 லீற்றரில் கரைத்தால் லீற்றருக்கு 22 மில்லிகிராமுக்கு மேல். தூள் பழசானால் வீரியம் குறையும், இரவில் கொஞ்சம் செலவாகியிருக்கும், 15 என்பது பொருந்துகிறது. தாங்கியைப் பாதி திறந்துவிட்டு, புதுத் தண்ணீர் நிரப்பி, மறுபடி பார்த்து, இன்னொரு தரமும் அப்படியே செய்து, அஸர் நேரம் எண் 4க்குக் கீழே இறங்கிய பிறகுதான் பைப்பைத் திறந்தோம். அந்த நாளும் யாராவது போத்தலில் நிரப்பி டவுனுக்கு அனுப்பியிருந்தால்? போகிற வழியில் எவ்வளவு குறைந்திருக்கும், அங்கே எந்த எண்ணைச் சொல்லியிருப்பார்கள், யாருக்குத் தெரியும்.

"சீல் குத்தின அறிக்கையை விட வாத்திமாரின் ரோஸ் தண்ணியா பெரிசு?" என்று ஒருவர் குழுவில் கேட்டிருந்தார். கிருமி பார்க்க, உப்புப் பார்க்க, நைத்திரேற்றுப் பார்க்க ஆய்வுகூடம்தான் வேண்டும், அதில் எங்களுக்குப் போட்டி இல்லை. ரோஸ் நிறம் வந்தால் தண்ணீரில் வேறு எந்தக் குறையும் இல்லை என்று நாங்கள் சொல்லவும் மாட்டோம். வயலுக்கு அடிக்கிற மருந்தை அது காட்டாது. குளோரின் ஒன்றைத்தான் காட்டும். ஆனால் அந்த ஒன்றுக்கு, பைப்புக்கு முன்னால் நிற்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கண், டவுனிலுள்ள விலை கூடிய இயந்திரத்தை விட நம்பகமானது. இயந்திரத்தில் பிழை இல்லை, அதற்குக் கிடைக்கிற தண்ணீர் இப்போது நமது பைப்பிலுள்ள தண்ணீர் இல்லை.

ஆகவே நம்பிக்கையாளர் சபைக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் எங்கள் கோரிக்கை இது. குளோரின் பார்க்கப் போத்தல் அனுப்புவதற்குச் செலவழிக்கிற காசை நிறுத்துங்கள். அந்தக் காசில் பள்ளிவாசலுக்கு ஒரு கொம்பரேட்டரும் குளிசைப் பெட்டியும் வாங்கலாம். குளிசையை வாங்கும்போது திகதியைப் பாருங்கள், ஈரம் பட்டுப் பழுப்பேறியதை எடுக்க வேண்டாம். ஒரு கொப்பியில் எந்தப் பைப், நேரே லைனா தாங்கியா, எத்தனை மணி, என்ன எண், பார்த்தவர் யார் என்று எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியோடு பீ.எச்.ஐ.யிடம் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஊருக்கு வருகிற லைனிலேயே ஒரு நாள் பூச்சியம் வந்தால் அன்றைக்குக் கையெழுத்து வேட்டைக்கு முதல் கையெழுத்து நாங்கள்தான்.

பாடசாலைத் தாங்கியைக் கழுவி, மூடியும் மாற்றியாகிவிட்டது. இந்தத் திங்கள் காலை ஆறே முக்காலுக்குப் பார்த்தோம், 0.3. வீட்டுத் தாங்கியைப் பார்க்க விரும்புகிறவர்கள் போத்தலைக் கொண்டு வர வேண்டாம், முகவரியைச் சொல்லுங்கள். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளைகளோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்களே வருகிறோம். இந்தக் கிழமை கடற்கரை வீதிப் பக்கம்.